சாவி யாருடைய பொக்கெற்றில்

ஐம்பத்தாறு வயதில், கடைவாய்ப் பல்லெல்லாம் போன பிறகு, ஒரு மனிதனைப் பிடித்துச் சோதினைக்குப் போ என்றால் அவனுக்கு எரிச்சல் வரத்தான் செய்யும். கொட்டாஞ்சேனை கிளெமென்றுக்கு எரிச்சல் மட்டுமல்ல, அலுப்பும் வந்தது. முப்பது வருடமாக வயர் இழுத்தவன். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் எழும்பிய மாடிவீடுகளில் எத்தனையோ சுவருக்குள் அவனுடைய வயர்தான் ஓடுகிறது. அதில் ஒன்றிலாவது நெருப்புப் பிடித்தது என்று யாராவது சொல்லட்டும் பார்ப்போம். சொல்ல மாட்டார்கள். ஆனால் கையில் ஒரு துண்டுக் கடதாசி கிடையாது.

இவ்வளவு காலமும் அது தேவைப்படவும் இல்லை. புது வீட்டுக்குக் கரன்ட் இணைப்பு எடுக்க வயரிங் சோதனை அறிக்கை வேண்டும். அதில் தகுதி உள்ளவர் ஒருவர் கையெழுத்து வைக்க வேண்டும். கிளெமென்ற் செய்த வேலைக்கெல்லாம் நாகேந்திரம் என்ற எஞ்சினியர் ஐயாதான் வைத்துக் கொடுத்தார். சும்மா வைக்கிற ஆளல்ல அவர். மெகர் என்ற சோதிக்கிற கருவியைத் தூக்கிக்கொண்டு வந்து, ஒவ்வொரு லைனாக அளந்து பார்த்துவிட்டுத்தான் பேனையைத் திறப்பார். போன மாசியில் பிள்ளைகளோடு இருக்கப் போகிறேன் என்று கனடாவுக்குப் போய்விட்டார். பேனையும் அவரோடு போய்விட்டது.

அந்தச் சூட்டோடு வந்தது மாடிவீட்டுக் கமிட்டியின் கடிதம். இருபத்துநான்கு வீடு. பதினொரு வருடமாக அந்தக் கட்டடத்தில் ஒரு பல்ப் மங்கினாலும் கிளெமென்றைத்தான் கூப்பிடுவார்கள். அவனுடைய வீட்டு அடுப்பு எரிவதே அந்த ஒரு கட்டடத்தால்தான். செயலாளர் வரதராசா, வங்கியில் மனேஜராக இருந்து இளைப்பாறியவர், கடிதத்தைக் கையில் கொடுத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உம்மில எனக்கு ஒரு குறையும் இல்லைக் கிளெமென்ற். ஆனா நாளைக்கு ஒண்டு நடந்தா இன்சூரன்ஸ்காரன் லைசன்ஸ் நம்பரைத்தான் கேப்பான். வருச முடிவுக்குள்ள எடுத்துக்கொண்டு வாரும். இல்லாட்டி ஒரு கொம்பனிக்குக் குடுக்கிறதைத் தவிர எனக்கு வேற வழியில்லை."

"வேலை தெரியும்தானே ஐயா."

"எனக்குத் தெரியும். கடதாசிக்குத் தெரியாதே."

கிளெமென்ற் விசாரித்துப் பார்த்தான். என்.வி.கியூ. என்று ஒன்று இருக்கிறதாம். அதில் மின்னியலாளர் வேலைக்கு மட்டம் மட்டமாகச் சான்றிதழ். மூன்றாம் மட்டம் என்றால் வேலை தெரியும், ஆனால் மேலே ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். நான்காம் மட்டம் என்றால் தனியாகப் பொறுப்பெடுத்துச் செய்யலாம். அந்தச் சான்றிதழைக் காட்டித்தான் பிறகு லைசன்ஸுக்கு விண்ணப்பிக்கலாம். வகுப்புக்குப் போகாமல் கைப்பழக்கத்தால் படித்தவர்களுக்கு ஆர்.பி.எல். என்று தனி வழி: செய்த வேலைக்கு ஆதாரம் காட்டி ஒரு கோவை கொடுக்க வேண்டும், இரண்டு மதிப்பீட்டாளர்கள் முன்னால் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும், கையால் செய்தும் காட்ட வேண்டும்.

கோவை தயாரித்தது அவனுடைய மனைவி மேபல். செய்த வேலைகளின் படம் வேண்டும் என்றார்கள். சுவருக்குள் புதைக்கிற வயரை எந்த விசரன் படம் பிடித்து வைப்பான். மேபல்தான் வீடு வீடாகப் போன் எடுத்து, கடிதம் வாங்கி, கிளெமென்றைக் கூட்டிக்கொண்டு போய் அவன் பூட்டிய பெட்டிகளுக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்தாள். பதினாறு படத்திலும் அவன் மரண வீட்டுக்கு வந்தவன் மாதிரி நின்றான்.

"கொஞ்சம் சிரிச்சா என்ன?"

"டிபி பொக்ஸுக்கு முன்னால நிண்டு என்னத்துக்குச் சிரிக்கிறது?"

சோதினை பொரளைப் பக்கம் ஒரு பயிற்சி நிலையத்தில். காலை எட்டு மணிக்கு, குறடும் திருப்புளியும் போட்ட ஆயுதப் பையோடு போய் நின்றான். மற்றவர்கள் ஆறு பேரும் அவனுடைய பாதி வயதுக்காரர்கள். மதிப்பீட்டாளர்களில் ஒருவர் ரணவீர என்ற வயதான சிங்களவர். மற்றவர் றமீலா, முப்பத்தைந்து வயதிருக்கும், முக்காடு போட்டு, காலில் கனத்த சப்பாத்து. அவளைப் பார்த்ததும் அவனுக்கு ஒரு நிம்மதி: தமிழில் கதைக்கலாம்.

முதலில் வாய்க் கேள்வி. லைட்டுக்கு என்ன வயர், பதின்மூன்று அம்பியர் பிளக்குக்கு என்ன வயர், எர்த் ஏன், ட்ரிப் சுவிட்ச் எத்தனை மில்லி அம்பியரில் விழ வேண்டும். கேட்கக் கேட்க மணிமணியாகச் சொன்னான். கடைசியில் றமீலா கேட்டாள்:

"உங்கட வேலைக் காலத்தில ஏதாவது எக்ஸிடன்ட் நடந்திருக்கா? நடந்திருந்தா என்ன காரணம் எண்டு சொல்லுங்க."

இந்தக் கேள்வி வரும் என்று மேபல் எங்கோ விசாரித்து வைத்திருந்தாள். பதிலும் பாடமாக இருந்தது. பாடமாக்கத் தேவையும் இல்லை, இருபத்தாறு வருடமாகச் சொல்லி வருகிற பதில்தானே.

"என்னோட வேலை செய்த யேசுரட்ணம் எண்டு ஒருத்தன் வெள்ளவத்தையில கரன்ட் அடிச்சுச் செத்தவன், மிஸ். மெயினை ஓஃப் பண்ணிப்போட்டுத்தான் சீலிங்குக்குள்ள ஏறினவன். வீட்டுக்காரர் தெரியாம ஓன் பண்ணிப்போட்டினம்."

"அப்ப மெயினுக்குப் பக்கத்தில யார் நிண்டது?"

கிளெமென்ற் வாயைத் திறந்தான். "ஒருத்தரும் இல்லை" என்றான். றமீலா அவனை ஒரு கணம் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டாள்.

பிறகு கைவேலை. பலகைச் சுவரில் ஒரு வீட்டுக்கான வயரிங் செய்ய வேண்டும்: மெயின் ஐசொலேற்றர், அதன் பின் ட்ரிப் சுவிட்ச், அதன் பின் ஒவ்வொரு லைனுக்கும் ஒன்றாக எம்.சி.பி. சுவிட்ச்கள், இரண்டு பக்கமிருந்தும் போட்டு நூர்க்கிற ஒரு மாடிப்படி லைட், சாதாரண லைட் ஒன்று, பதின்மூன்று அம்பியர் பிளக் இரண்டு. நான்கு மணித்தியாலம். கிளெமென்றுக்கு மூன்றேகால் போதுமாக இருந்தது. வயர் ஓடுகிற கொன்டியூட் குழாய் மட்டம் பிசகவில்லை. பெட்டிக்குள் வயர்கள் வாரி விட்ட தலைமயிர் போல் படிந்து கிடந்தன. பக்கத்து இளந்தாரி தன் வேலையை விட்டுவிட்டு இவனுடையதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கரன்ட் கொடுக்க முன் சோதனை. நாகேந்திரம் ஐயா செய்கிறதைப் பார்த்துப் பார்த்து அது அவனுக்கு மனப்பாடம். எர்த் வயர் அறுபடாமல் ஓடுகிறதா என்று பார்த்தான். பல்புகளைக் கழற்றினான், சுவிட்ச்களைப் போட்டு வைத்தான், மெகரில் ஐந்நூறு வோல்ட் வைத்து அளந்தான். ஒரு மெகஓமுக்குக் குறையக் கூடாது. இவனுடையது அளவுக்கு மேலே போய் நின்றது. லைவ் வயர்தான் சுவிட்சுக்குப் போகிறது என்பதையும் காட்டினான். கடைசியில் கரன்ட் கொடுத்து, ட்ரிப் சுவிட்சின் பொத்தானை அமத்த, டக்கென்று விழுந்தது.

"ஹொந்த வெட," என்றார் ரணவீர. நல்ல வேலை என்று அவர் வாயால் வந்ததைக் கேட்டதும், பாதிச் சான்றிதழ் பொக்கெற்றுக்குள் வந்த மாதிரி இருந்தது கிளெமென்றுக்கு.

மிச்சம் ஒன்றுதான். வேறொரு பலகையில் ஏற்கெனவே வயரிங் செய்து, அதில் ஒரு பிழையை ஒளித்து வைத்திருந்தார்கள். கண்டுபிடித்துத் திருத்த வேண்டும். மேசையில் ஒரு தட்டு. அதில் இரண்டு முனை டெஸ்டர், 'வேலை நடக்கிறது, போட வேண்டாம்' என்று மூன்று மொழியில் எழுதிய அட்டை, பிளாஸ்ரிக் கவ்வி ஒன்று, சின்னச் சிவப்புப் பூட்டு ஒன்று. பூட்டைப் பார்த்தான். இங்கே களவு அதிகமாக்கும், ஆயுதப் பெட்டிக்குப் போடுகிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

மாடிப்படி லைட் ஒரு பக்கத்து சுவிட்சுக்கு மட்டும் வேலை செய்தது. இதெல்லாம் ஒரு பிழையா. இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, வலது கையால் சுவிட்ச் மூடியின் ஆணியைக் கழற்றினான். கரன்ட் போய்க்கொண்டுதான் இருந்தது. அப்படித்தான் அவன் எப்போதும் செய்வான். வெள்ளவத்தையில் யார் கரன்டை நிற்பாட்ட விடுகிறார்கள்: ஃபிரிட்ஜுக்குள் மீன் இருக்கும், அம்மாவுக்கு ஃபேன் வேண்டும், பிள்ளைக்கு ஒன்லைன் வகுப்பு இருக்கும். லைவில் வேலை செய்கிற கிளெமென்ற் என்றுதான் அவனுக்குப் பேரே. சொந்த டெஸ்டரை எடுத்து உள்ளே வைத்தான். இரண்டு சுவிட்சுக்கும் இடையில் ஓடுகிற வயர் ஒன்று லூஸ். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

படாரென்று பலகை முழுவதும் கரன்ட் நின்று நூர்ந்தது. றமீலா அவசரப் பொத்தானை அமத்தியிருந்தாள்.

"கையை எடுங்க."

"கண்டுபிடிச்சிட்டன் மிஸ். இஞ்ச பாருங்கோ, இந்த வயர் லூஸ்."

"அது எனக்கும் தெரியும். நாங்கதான் லூஸாக்கி வச்சது. கையை எடுத்துட்டு இங்கால வாங்க."

அவள் குரலை உயர்த்தவில்லை. ரணவீர தலையைக் குனிந்துகொண்டு தாளில் எதையோ வெட்டினார்.

"மற்ற எல்லாத்திலயும் நீங்க தகுதி," என்றாள் றமீலா. "இந்த ஒண்டில இன்னும் தகுதி இல்ல. லைவில கை வச்சா அந்த இடத்திலயே நிப்பாட்டணும், அது சட்டம். ஒரு மாசத்தில வந்து இதை மட்டும் திரும்பச் செய்யலாம்."

"இருபத்தாறு வருசமா இப்பிடித்தான் செய்யிறன். ஒரு கீறல் இல்லை."

"அதான் கேக்கிறன். இவ்வளவு வேலை தெரிஞ்ச ஆள், ஏன் ஓஃப் பண்ணல்ல?"

கிளெமென்றுக்குக் கோபம் வந்தது. கோபத்தில் உண்மையும் வந்துவிட்டது.

"ஓஃப் பண்ணினதை எப்பிடி நம்புறது மிஸ்? கரன்ட் இருக்கிற வயரை எனக்குத் தெரியும், நான் அதுக்கு ஏத்த மாதிரிக் கை வைப்பன். கரன்ட் இல்லை எண்டு சொல்லுற வயர்தான் ஆளைக் கொல்லும். யேசு ஓஃப் பண்ணிப்போட்டுத்தான் ஏறினவன்."

றமீலா தட்டிலிருந்த கவ்வியை எடுத்து, எம்.சி.பி.யைக் கீழே தள்ளி, அதன் மேல் கவ்வினாள். அதன் துளைக்குள் சிவப்புப் பூட்டை நுழைத்து அமத்தினாள். அட்டையைத் தொங்கவிட்டாள். இரண்டு முனை டெஸ்டரை வேறொரு பிளக்கில் வைத்து அது வேலை செய்கிறது என்று காட்டினாள்; நூர்ந்த வயரில் வைத்து ஒன்றும் இல்லை என்று காட்டினாள்; திரும்பவும் அந்தப் பிளக்கில் வைத்து, டெஸ்டர் இடையில் பழுதாகவில்லை என்றும் காட்டினாள். பிறகு சாவியை அவனுடைய உள்ளங்கையில் வைத்தாள்.

"இது வேலை செய்யிற ஆளிட பொக்கெற்றில இரிக்கணும். வீட்டுக்காரர் வந்தாலும், ஜனாதிபதி வந்தாலும் போட ஏலாது. நீங்க யாரையும் நம்பத் தேவையில்ல."

கிளெமென்ற் எம்.சி.பி.யை விரலால் தள்ளிப் பார்த்தான். அசையவில்லை. இன்னொரு முறை, பெலமாகத் தள்ளினான். அப்போதும் அசையவில்லை.

"அடுத்த முறை அந்த எக்ஸிடன்ட் கேள்வியையும் திரும்பக் கேப்பன்," என்றாள் றமீலா. "காரணம் சரியாத் தெரியாட்டி, அதைத் தடுக்கவும் தெரியாது. மெயினுக்குப் பக்கத்தில யார் நிண்டது எண்டு யோசிச்சு வச்சுக்கொண்டு வாங்க."

யோசிக்க என்ன இருக்கிறது. அவன்தான் நின்றான்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் இருந்துகொண்டு, வேண்டாம் வேண்டாம் என்றாலும் அதைத்தான் நினைத்தான். யேசுரட்ணத்துக்கும் அவனுக்கும் ஒரு வழக்கம் இருந்தது. யேசு சீலிங்குக்குள், கிளெமென்ற் கீழே, மெயின் பெட்டிக்குப் பக்கத்தில். மேலே வேலை முடிந்தால் யேசு சுத்தியலால் மரத்தில் இரண்டு தட்டுத் தட்டுவான். கரன்டைப் போடு என்று அர்த்தம். கத்திக் கூப்பிட்டுத் தொண்டையைக் கெடுக்கத் தேவையில்லை என்று இரண்டு பேரும் சேர்ந்து கண்டுபிடித்த வழி. அதில் அவர்களுக்குப் பெருமைகூட. அன்றைக்கு வீட்டுக்காரப் பெண் ஃபேன் இல்லாமல் வேர்த்து விறுவிறுத்து, இன்னும் முடியவில்லையா, இன்னும் முடியவில்லையா என்று மூன்று தரம் கேட்டுவிட்டாள். மேலே இரண்டு தட்டுக் கேட்டது. கிளெமென்ற் மெயினைப் போட்டான். ஆனால் அது அடையாளத் தட்டு அல்ல; யேசு அப்போது வயரை மரத்தோடு சேர்த்துக் கிளிப் ஆணி அடித்துக்கொண்டிருந்தான். மற்ற முனை இன்னும் அவன் மடியில் திறந்தபடி கிடந்தது.

பொலிஸ் வந்தபோது யாரோ, வீட்டுக்காரர் போட்டிருப்பார்கள் என்றார்கள். கிளெமென்ற் மறுக்கவில்லை. வீட்டுக்காரரும், எங்கள் வீட்டுப் பிள்ளைகள்தான் போட்டுவிட்டார்களோ என்று பயந்து வாயைத் திறக்கவில்லை. அவ்வளவுதான், ஒரு பொய்கூட முழுதாகச் சொல்லத் தேவைப்படவில்லை. அதன் பிறகு அவன் யாரையும் துணைக்கு வைத்ததில்லை, கரன்டை நிற்பாட்டியதும் இல்லை. ஊர் அதைக் கெட்டித்தனம் என்று நினைத்தது.

புறக்கோட்டையில் இறங்கி மூன்று கடை ஏறினான். மூன்றாவது கடையில் கவ்வியும் பூட்டும் இருந்தன. தூசி தட்டிக் கொடுத்த கடைக்காரர் பௌஸி நானா, "முப்பது வருசமா இதை வச்சிரிக்கன், ஆரும் கேக்கிறதில்லயே" என்றார்.

வீட்டுக்குப் போக முதல் கோயிலுக்குப் பின்பக்க ஒழுங்கைக்குள் திரும்பினான். அங்கேதான் யேசுவின் மனைவி ஐறீன் இருக்கிறாள். பள்ளிக்கூட யூனிஃபோம் தைத்துத் தைத்து இரண்டு பெண்பிள்ளைகளைக் கட்டிக் கொடுத்தவள். வருடா வருடம் யேசுவின் நினைவுப் பூசைக்குக் கிளெமென்றும் மேபலும் தவறாமல் போவார்கள். ஐறீனும் சாப்பாட்டுப் பார்சல் தவறாமல் கொடுத்து விடுவாள். ஆனால் அவள் வீட்டில் ஒரு பல்ப் போனாலும் மட்டக்குளியிலிருந்து ஒருவன்தான் வருவான். கிளெமென்றை அவள் கூப்பிட்டதில்லை. ஏன் என்று அவன் கேட்டதும் இல்லை.

ஐறீன் தையல் மெஷினை நிற்பாட்டினாள். "மேபல் சொன்னா, இண்டைக்குச் சோதினை எண்டு. என்ன மாதிரி?"

"பெயில்."

"நீங்களோ? ஏன்?"

பொக்கெற்றிலிருந்து பூட்டை எடுத்து மெஷின் பலகையில் வைத்தான். அது என்ன செய்யும் என்று சொன்னான். சொல்லச் சொல்ல, நிற்பாட்ட முடியாமல் மற்றதையும் சொன்னான்: இரண்டு தட்டு, கிளிப் ஆணி, மெயின். வீட்டுக்காரர் இல்லை, தான்தான் என்றான். இருபத்தாறு வருடத்தைச் சொல்லி முடிக்க ஐந்து நிமிடம் போதுமாக இருந்தது. நின்றபடியேதான் சொன்னான்; அவள் கதிரையில் இருக்கச் சொல்லவில்லை.

ஐறீன் பூட்டைக் கையில் எடுத்தாள். திறந்தாள். பூட்டினாள். திரும்பத் திறந்தாள்.

"இது அந்த நாளையிலயும் இருந்ததோ?"

இல்லை என்று சொல்லலாம். சொன்னால் அவள் நம்புவாள். அவளுக்கும் அது கொஞ்சம் இலேசாக இருக்கும்.

"இருந்தது," என்றான் கிளெமென்ற். "எங்களுக்குத் தெரியாது. விசாரிக்கவும் இல்லை."

அவள் பூட்டைப் பலகையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். அவன் வாசலில் நின்றான். கோயில் மணி அடித்து ஓய்ந்தது. அவள் வெளியே வரவில்லை. பூட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், மேபலிடமும் சொன்னான். மேபல் அன்றைக்குச் சமைக்கவில்லை.

அடுத்த மாதம் அந்தப் பகுதியை மட்டும் திரும்பச் செய்தான். நூர்த்தான், கவ்வினான், பூட்டினான், சாவியைப் பொக்கெற்றில் போட்டான், அட்டையைத் தொங்கவிட்டான், மூன்று முறை டெஸ்டர் வைத்துக் காட்டினான். பிழையைத் திருத்த இந்த முறை பதினான்கு நிமிடம் எடுத்தது. றமீலா தன் கேள்வியைக் கேட்டாள். நான்தான் மிஸ் நிண்டனான், நான்தான் போட்டனான், மெயினில பூட்டு இல்லை, என்றான். அவள் அதை எழுதிக்கொண்டு 'தகுதி' என்ற பெட்டிக்குள் அடையாளம் போட்டாள்.

சான்றிதழ் வந்தது, அதைக் காட்டி எடுத்த லைசன்ஸ் கார்த்திகை கடைசியில் வந்தது. வரதராசா நம்பரைப் பதிந்துகொண்டு கை குலுக்கினார். இருபத்துநான்கு வீடும் கையை விட்டுப் போகாமல் மிஞ்சியது. ஆனால் அந்த வருடம் யேசுவின் பூசையில் ஐறீன் முன் வாங்கிலிருந்து திரும்பிப் பார்க்கவில்லை. பார்சலும் வரவில்லை. அதுக்கு நான் என்ன செய்ய என்று கிளெமென்ற் தனக்குத்தானே கேட்டுக்கொண்டான். கேட்டு என்ன பயன், மனம் ஆறவில்லை.

தை மாதம் ஒரு சனிக்கிழமை காலை போன் வந்தது.

"குசினி லைட் மினுங்குது," என்றாள் ஐறீன். வேறு சுகம் ஒன்றும் விசாரிக்கவில்லை. "வந்து பாருங்கோ. அந்தப் பூட்டையும் கொண்டு வாங்கோ."

மெயின் பெட்டி வாசல் கதவுக்குப் பின்னால் இருந்தது. கிளெமென்ற் குசினி லைனை நூர்த்துக் கவ்வியை வைத்தான், பூட்டை அமத்தினான். ஐறீன் கிட்ட வந்து தானே விரலால் தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை.

"சாவி எங்க?"

அவன் சேர்ட் பொக்கெற்றைத் தட்டிக் காட்டினான்.

ஐறீன் தையல் மெஷினடியிலிருந்து கதிரையை இழுத்து வந்து மெயின் பெட்டிக்கு முன்னால் போட்டாள். "நீங்கள் போய்ச் செய்யுங்கோ" என்றாள். அவன் குசினியில் ஏணி வைத்து ஏறி, லூஸாகிப் போன வயரை வெட்டி, திரும்ப முறுக்கி, மூடியைப் பூட்டி இறங்க அரை மணித்தியாலம் ஆனது. அவ்வளவு நேரமும் அவள் அந்தக் கதிரையை விட்டு எழும்பவில்லை.